60 நாளா, 10ஆம் தேதியா? மொத்த வியாபாரியிடம் எதைக் கேட்டு எழுதுவது

தோட்டப்புற மளிகைக் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதினால் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான் இருக்கும்: "முதலாளி, 30 நாள் தவணையை 60 நாளாக்கிக் கொடுங்கள்." ஈப்போவில் ஒரு மொத்தக் கடையின் வசூல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இப்படிப்பட்ட கடிதங்களைப் பிரித்துப் படித்து, கூடவே அந்தக் கடையின் கணக்கை எடுத்து வைத்து முதலாளி மேசைக்கு அனுப்புவது என் பொறுப்பு. மறுக்கப்பட்ட கடிதங்களில் நிறைய நல்ல கடைக்காரர்களுடையவை. அவர்கள் ஏமாற்றுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. தேவைப்பட்டது ஒரு வாரம், கேட்டது ஒரு மாதம், அதுதான் சிக்கல்.

சுங்கை சிப்புட் பக்கத்துக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். கடையை நடத்துவது ஓர் அக்கா. செம்பனைத் தோட்டத்துக் குடும்பங்களும், தோட்டத்தை விட்டுப் பக்கத்துத் தாமானில் குடியேறியவர்களும்தான் வாடிக்கையாளர்கள். ஈப்போவிலிருந்து வாரம் ஒருமுறை லோரி வருகிறது. 3, 10, 17, 24 ஆகிய தேதிகளில் அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, மசாலா எல்லாம் சேர்த்துத் தலா 3,000 வெள்ளிக்குச் சரக்கு இறங்கும். மாதத்துக்கு 12,000 வெள்ளி. தவணை 30 நாள், கடன் வரம்பு 15,000. அதாவது ஒவ்வொரு பில்லும் ஏறக்குறைய அடுத்த மாதம் அதே தேதியில் கட்ட வேண்டியதாகிறது.

இனி அக்காவின் பக்கம். வாடகை, மின்கட்டணம், வீட்டுச் செலவு எல்லாம் போக வாரத்துக்கு 1,000 வெள்ளி ரொக்கமாகக் கல்லாவில் தங்கும். மீதி வியாபாரம் முழுக்க 555 புத்தகத்தில். "எழுதிக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். மாதம் சுமார் 8,000 வெள்ளி அப்படி எழுதப்படுகிறது. அது திரும்பி வருவது சம்பளம் போட்ட பிறகுதான். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தோட்டம் அந்தக் கடைசி நாளைப் பிடித்துக்கொண்டால், அக்காவின் 8,000 வெள்ளி 7ஆம் தேதி சாயங்காலம் வரத் தொடங்கி 9ஆம் தேதிக்குள் வந்து சேரும்.

கையில் ஒன்றுமில்லாமல் மாதம் தொடங்குகிறது என்று வைத்துப் பாருங்கள். 10ஆம் தேதி கல்லாவில் 8,000 வசூலும் 1,000 ரொக்கமும் இருக்கின்றன. 3,000 கட்டினால் மிச்சம் 6,000. அடுத்த வாரம் 1,000 வந்து 3,000 போகிறது, 17ஆம் தேதி 4,000 மிச்சம். அதே போல 24ஆம் தேதி 2,000. மறுமாதம் 3ஆம் தேதி 1,000 வந்து 3,000 கட்டினால் சுழியம். மாதம் ஓடிவிட்டது, ஆனால் நூலிழையில். யாராவது இரண்டு குடும்பம் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு என்று 700 வெள்ளியை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் போதும், 3ஆம் தேதி பில்லுக்கு 700 குறையும். மற்ற மூன்று பில்லும் அந்தந்தத் தேதியில் கட்டப்பட்டிருக்கும்.

மொத்த வியாபாரியின் கணினியில் இது எப்படித் தெரியும்? இந்தக் கடை மாதா மாதம் தவணை தாண்டுகிறது என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும். தாண்டியது நான்கில் ஒரு பில், அதுவும் ஒரு வாரம் மட்டும் என்பதைத் தேடிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. தவணை தாண்டிய பில் இருக்கும்போது புது ஆர்டரை நிறுத்தி வைக்கும் பழக்கமும் உண்டு. அப்போது 10ஆம் தேதி லோரி இந்தக் கடைக்குச் சரக்கில்லாமல் வரும். சம்பளம் வாங்கிய கையோடு ஆட்கள் கடைக்கு வரும் வாரத்தில் அலமாரி காலியாக இருக்கும். அக்கா கடிதம் எழுத நினைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

முதலில் தோன்றுவது 60 நாள். அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தேதி போட்டுப் பாருங்கள். 3ஆம் தேதி பில்லுக்கு 60 நாள் கழித்து வருவதும் ஏறக்குறைய 2ஆம் தேதி, 3ஆம் தேதிதான்! இடையில் ஒரு மாதம் கட்டாமல் போகலாம், அது உண்மை. அந்த ஒரு மாதம் 12,000 வெள்ளி கையில் நிற்கும். அதற்கடுத்த மாதத்திலிருந்து பழையபடி வாரம் 3,000 கட்ட வேண்டும், அதே தேதிகளில். மாறியது ஒன்றுதான்: கடன் 12,000 இருந்த இடத்தில் 24,000. அந்த 12,000 வங்கியிலேயே இருந்தால் குறைவு வரும் மாதங்களில் தாங்கும், சரிதான். ஆனால் கடையில் காசு இருப்பது தெரிந்தால் 555 புத்தகம் தானாகவே தடிக்கும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இன்னொரு குடும்பத்துக்கு எழுத மாட்டேன் என்று சொல்ல அப்போது காரணமே இருக்காது.

45 நாள் கேட்டால்? 17ஆம் தேதி பில் போய் 1ஆம் தேதி, 2ஆம் தேதி வாக்கில் விழும். நாளை எவ்வளவு நீட்டினாலும், வாரம் ஒரு லோரி வரும் கடையில் ஏதாவது ஒரு பில் சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில் வந்து நிற்கத்தான் செய்யும்.

மொத்த வியாபாரிக்கு 60 நாள் எவ்வளவு கனமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைக் கணக்குப் போடுவதில்லை. கூடுதலாக வெளியே நிற்கும் 12,000 வெள்ளிக்கு அவர் வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்திருக்கிறார், ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 960 வெள்ளி, மாதத்துக்கு 80 வெள்ளி. அவர் விற்பதில் பெரும்பகுதி லாபம் மெலிந்த சரக்கு. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி, மானிய எண்ணெய்ப் பொட்டலம் ஒரு கிலோ 2.50 வெள்ளி என்று அரசாங்கம் விலை கட்டி வைத்திருக்கிறது. வட்டியை அவர் விலையில் ஏற்ற முடியாது, அக்காவும் ஏற்ற முடியாது. எனவே 60 நாள் கொடுத்தாலும் அந்த 80 வெள்ளியை வேறு எங்காவது எடுப்பார். மசாலாவில் கழிவு குறையும், தட்டுப்பாட்டு நேரத்தில் எண்ணெய் ஒதுக்கீடு ரொக்கக் கடைக்கு முதலில் போகும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வழி, ஒரு மாதத்தின் எல்லா பில்லையும் சேர்த்து அடுத்த மாதம் 12ஆம் தேதி ஒரே தடவையில் கட்டுவது. மாதக் கணக்கு அறிக்கை அனுப்பும் மொத்தக் கடைகளுக்கு இது பழக்கமான முறை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. செப்டம்பர் பில்களை அக்டோபர் 12ஆம் தேதி கட்டினால், 3ஆம் தேதி பில்லுக்கு 39 நாள் கிடைக்கிறது, 10ஆம் தேதிக்கு 32, 17ஆம் தேதிக்கு 25, 24ஆம் தேதிக்கு 18. சராசரி 28 நாள் சொச்சம். அதாவது மொத்த வியாபாரிக்கு இப்போது இருப்பதைவிடச் சற்று முன்னதாகவே பணம் வருகிறது! கடிதத்தில் இந்தக் கணக்கை எழுதினால் மறுக்கக் கை வராது.

ஆனாலும் இதை நான் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். 12ஆம் தேதி ஒரே மூச்சில் 12,000 வெள்ளி வேண்டும். அதில் 8,000 சம்பள வாரத்தில் வந்துவிடும். மீதி 4,000 முந்தைய நான்கு வாரமும் சேர்த்து வைத்த ரொக்கம். நான்கு வாரம் அந்தக் காசைத் தொடாமல் இருக்கக்கூடிய வீடா என்பது அவரவருக்குத் தெரியும். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து வாரா வாரம் போடுகிறவர்களுக்கு இது நல்ல முறை. வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே டப்பாவில் இருந்தால் வேண்டாம். ஒரு 12ஆம் தேதி தவறினால் நான்கு பில்லும் சேர்ந்து தவறும். ஒரு பில் தாமதமாவதை வசூல்காரர் போனில் பேசி முடிப்பார், 12,000 தாமதமானால் விஷயம் முதலாளியிடம் போகும்.

மூன்றாவது வழிதான் அக்காவின் கணக்குக்குப் பொருந்துவது. 30 நாள் அப்படியே இருக்கட்டும். 27ஆம் தேதிக்கும் 9ஆம் தேதிக்கும் இடையில் தவணை முடியும் பில் மட்டும் 10ஆம் தேதிக்குத் தள்ளிப் போகட்டும். அக்காவின் கடையில் அது மாதம் ஒரே பில், 3,000 வெள்ளி, ஏழு நாள். அதே 8 விழுக்காட்டில் மொத்த வியாபாரிக்கு ஆகும் செலவு மாதம் ஐந்து வெள்ளிகூட இல்லை.

மறுபடி கல்லாவைப் பாருங்கள். 700 வெள்ளி வராத அதே மாதத்தில் 24ஆம் தேதி கட்டிய பிறகு 1,300 மிச்சம் இருக்கும். 3ஆம் தேதி 2,300 இருக்கும், அன்று கட்ட வேண்டியது எதுவும் இல்லை. 10ஆம் தேதி 8,000 வசூலும் தள்ளிப் போன 700ம் வாரத்து 1,000ம் வந்தால் 12,000. இரண்டு பில்லுக்கு 6,000 கட்டி 6,000 மிச்சம். மாதத்தின் மிக மோசமான நாளில்கூடக் கையில் 1,300 இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் கடன் வரம்பு. 3ஆம் தேதி புதுச் சரக்கு இறங்கியதும் கட்டாமல் நிற்கும் பில்கள் ஐந்தாகிவிடும், 15,000 வெள்ளி. வரம்பும் அதுவே. 10ஆம் தேதி லோரியில் இன்னொரு 3,000 ஏற்றினால் 18,000 என்று கணினி ஆர்டரை மறித்துவிடும். பழைய பில்லைச் சாயங்காலம் கட்டிக்கொள்ளலாம் என்று அக்கா இருந்தால் காலையில் சரக்கு வராது. எனவே 9ஆம் தேதி இரவுக்குள் 6,000 வெள்ளியை மாற்றிவிட்டு, ரசீதை வசூல்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். வசூல் காசு முழுக்க நோட்டாக வரும் என்பதால், 8ஆம் தேதியும் 9ஆம் தேதியும் வங்கியில் காசு போடும் இயந்திரத்துக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும். வரம்பையும் 18,000 ஆக்கித் தாருங்கள் என்று அதே கடிதத்தில் கேட்கலாமே என்றால், வேண்டாம் என்பேன். நாளை நகர்த்துவது வசூல் பிரிவு முடிவு செய்யக்கூடியது. வரம்பைக் கூட்டுவதற்கு முதலாளி கையெழுத்து வேண்டும், சில சமயம் உத்தரவாதமும் கேட்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் சின்னது பெரியதோடு சேர்ந்து கிடப்பில் போகும்.

கடிதம் எழுதாமல் சும்மா பத்தாம் தேதி கட்டிக்கொண்டே போவதும் ஒரு வழிதான், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சேல்ஸ்மேன் தெரிந்தவராக இருக்கும் வரை ஓடும். அவர் மாறினால் புதியவர் கையில் இருப்பது கணினித்தாள் மட்டும்.

கட்ட வேண்டிய தேதியைப் போட்டு முன்கூட்டியே காசோலை கொடுத்தால் தவணை தருகிறேன் என்று சில மொத்தக் கடைகள் சொல்லும். 10ஆம் தேதி காசோலைக்குப் பயமில்லை. 3ஆம் தேதிக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. ஓராண்டுக்குள் மூன்று காசோலை பணமில்லாமல் திரும்பினால் வங்கி நடப்புக் கணக்கையே மூடிவிடும்.

சரி, கடிதம். எனக்கு வந்தவற்றில் பாதிப் பக்கம் கஷ்டக் கதையாக இருக்கும். கோவிட் காலத்திலிருந்து வியாபாரம் படுத்தது, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, பக்கத்தில் மினிமார்க்கெட் வந்துவிட்டது. எல்லாம் நிஜமாகவே இருக்கும். படிப்பவர் மனது இளகும், ஆனால் அவர் கையில் இருக்கும் கேள்வி வேறு: இந்தக் கடைக்கு இனி சரக்கு கொடுக்கலாமா? கஷ்டக் கதை அதற்கு வேண்டாம் என்று பதில் சொல்கிறது. அக்காவுக்கு நான் எழுதித் தந்தால் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கடை உங்களிடம் மாதம் சுமார் 12,000 வெள்ளிக்குச் சரக்கு எடுத்து வருகிறது. தவணை 30 நாள். கடந்த ஆறு மாதப் பில்களைத் தேதிவாரியாக இத்துடன் இணைத்துள்ளேன். 10, 17, 24ஆம் தேதிகளில் கட்ட வேண்டியவை அந்தந்தத் தேதியில் கட்டப்பட்டுள்ளன. 3ஆம் தேதி பில் மட்டும் 8ஆம் தேதி, 9ஆம் தேதி என்று தாமதமாகியுள்ளது. எங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தோட்டச் சம்பளம் 7ஆம் தேதி வருவதே காரணம்.

தவணை 30 நாளாகவே இருக்கட்டும். மாதம் 27 முதல் மறுமாதம் 9 வரை தவணை முடியும் பில்லை மட்டும் 10ஆம் தேதிக் கணக்கில் வைக்க அனுமதி கேட்கிறேன். கடன் வரம்பில் மாற்றம் வேண்டாம். 9ஆம் தேதி இரவுக்குள் இரண்டு பில்லுக்கும் சேர்த்துப் பணத்தை மாற்றி, ரசீதை அனுப்பிவிடுவேன். மூன்று மாதம் பார்த்து, ஒரு முறை தவறினாலும் பழைய முறைக்கே மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு…"

இதில் கனமான வரி ஆறு மாதப் பில் பட்டியல்தான். மொத்தக் கடையில் யாரும் தேடிப் பார்க்காத விஷயத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஆனால் அந்தப் பட்டியல் உண்மையாக இருக்க வேண்டும். அங்கே கணக்கோடு ஒத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. 17ஆம் தேதி பில்லும் இரண்டு முறை தாமதமாகியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

தாமானில் குடியேறித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் உங்கள் புத்தகத்தில் அதிகமாகிவிட்டார்களா என்பதையும் ஒரு தடவை பாருங்கள். பல தொழிற்சாலைகளில் சம்பளம் மாதக் கடைசியிலேயே வந்துவிடுகிறது. அவர்கள் 1ஆம் தேதியே கட்டிவிடுவார்கள் என்றால் கடிதத்துக்கே தேவை இல்லாமல் போகலாம். எந்த வீட்டுக்கு எந்தத் தேதி சம்பளம் என்று 555 அட்டையில் குறித்து வைத்தாலே பாதி தெரிந்துவிடும்.

கடிதத்தை முதலாளி பெயருக்கு எழுதி, சேல்ஸ்மேன் கையில் கொடுப்பது நல்லது. நேராக அனுப்பினால் தன்னைத் தாண்டிப் போனார் என்று அவர் நினைப்பார். அவருடைய கமிஷனும் பல இடங்களில் வசூலைப் பார்த்துத்தான். 3ஆம் தேதி பில் சிவப்பில் நிற்பது அவருக்கும் தலைவலி, அதனால் உங்களுக்காகப் பேசுவார்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்தாக வேண்டும், ஏனென்றால் தேதியை மாற்றித் தீராத கேஸ்களும் உண்டு. 12ஆம் தேதி இரவு, வசூல் எல்லாம் வந்த பிறகு, கல்லாக் காசையும் வங்கி இருப்பையும் கூட்டுங்கள். அதுவரை தவணை முடிந்த பில்களை அந்தத் தொகையால் கட்டி முடித்துவிட முடிகிறது என்றால் உங்கள் பிரச்சினை தேதி. முடியவில்லை என்றால் பிரச்சினை 555 புத்தகத்துக்குள் இருக்கிறது. மாதா மாதம் அந்தப் புத்தகத்தின் மொத்த பாக்கியை எழுதி வையுங்கள். 8,000 எழுதி 8,000 வந்தால் பாக்கி ஏறாது. மூன்று மாதமாக 500, 600 என்று ஏறிக்கொண்டே போனால், யாரோ கட்டவே இல்லை, அல்லது தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். அப்படிப்பட்ட கடைக்கு 60 நாள் கொடுத்தால் ஓட்டை தெரிய இன்னும் ஒரு மாதம் கூடுதலாகும், அவ்வளவுதான். கடிதத்தை நிறுத்திவிட்டு முதலில் சில வீடுகளுக்கு எழுதுவதை நிறுத்த வேண்டியிருக்கும்.

பதில் மூன்று விதமாக வரலாம். சரி என்றால் கடிதத்தின் நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள், கணினியில் தேதியை மாற்றிவிட்டார்களா என்று அடுத்த அறிக்கையில் பாருங்கள். வாயால் சரி என்று சொல்லிக் கணினியில் மாற்றாமல் விட்டதால் ஆர்டர் மறிக்கப்பட்ட கடைகள் உண்டு. முடியாது என்றால், லோரி நாளை மாற்றித் தரக் கேளுங்கள். முதல் வாரச் சரக்கு 3ஆம் தேதிக்குப் பதில் 9ஆம் தேதி இறங்கினால், 30 நாளில் அதுவும் சம்பளத்துக்குப் பின்னால் போய்விடும். முந்தைய வாரம் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைத்தால் சமாளிக்கலாம். மூன்றாவது, "10ஆம் தேதி வேண்டாம், 7ஆம் தேதி கட்டுங்கள்" என்று பேரம் பேசுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் சாயங்காலம் விழுந்து, ஆட்கள் மறுநாள் கடைக்கு வரும் ஊரில் 7ஆம் தேதி என்பது 3ஆம் தேதிதான்.

தீபாவளிச் சரக்குக்கு இதே கடிதத்தைப் பயன்படுத்த வேண்டாம். 2026இல் தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி. அக்டோபர் மாதச் சம்பளம் அதற்கு முந்தைய நாள்வரை இழுக்கலாம், முன்பணம் கொடுக்கும் தோட்டங்களில் கொஞ்சம் முன்னதாகக் காசு புழங்கும். அக்டோபர் நடுவில் இறங்கும் சரக்குக்கு 30 நாள் என்றாலே நவம்பர் நடுவில்தான் கட்ட வேண்டும், வசூல் அதற்குள் வந்துவிடும். அப்போது நாள் போதும், இடிப்பது வரம்பு. வழக்கமான 12,000க்கு மேல் எண்ணெய், மாவு, சீனி, பலகாரச் சாமான் என்று இன்னொரு 6,000 வெள்ளிக்கு எடுத்தால் 15,000 வரம்பு முதல் லோரியிலேயே மறிக்கும். எனவே அது தனிக் கடிதம்: அக்டோபர் 1 முதல் நவம்பர் 20 வரை மட்டும் வரம்பை 24,000 ஆக்கித் தரவும், 21ஆம் தேதி பழைய வரம்புக்கே திரும்பவும், பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் சொல்லவும் கேட்க வேண்டும். முதலாளி கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய கடிதம் என்பதால், செப்டம்பர் முதல் வாரத்திலேயே சேல்ஸ்மேன் கைக்குப் போய்விடட்டும்.